பழைய கதைகள் தீர்ந்த பிறகு என்ன பேசினீர்கள்?

கோடைமழை:

பள்ளி முடித்து 24 வருடம் ஆகிறது. எங்கள் வகுப்பு நண்பர்கள் முதல் தடவை கூடியபோது ஆசையாகப் போனேன், அப்புறம் பதினோரு வருடம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சண்டை எதுவும் கிடையாது. அந்த முதல் சந்திப்பின் இரண்டாவது மணி நேரம்தான் காரணம். முதல் மணி நேரம் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் ஒருவன் கணக்கு வாத்தியாரின் சைக்கிள் கதையைத் திரும்பச் சொன்னான், எல்லோரும் திரும்பச் சிரித்தோம், ஆனால் சத்தம் பாதிதான் வந்தது. அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. ஒவ்வொருவராகப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். இவர்களோடு எனக்கு இருப்பது ஐந்தாறு கதைகள் மட்டும்தானா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் மனது கனத்துக் கிடந்தது.

போன மாதம் மறுபடி போனேன். பதினேழு பேர். இந்த முறை நடந்தது வேறு மாதிரி, அதனால்தான் எழுதுகிறேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவன் பள்ளியில் அதிகம் பேசாதவன். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறான். “வேலை எப்படிப் போகுது?” என்று கேட்டேன். “போகுது” என்றான். அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, வேறு எதுவும் தோன்றாமல், “நேத்து என்ன வேலை பார்த்தே?” என்று கேட்டேன். அவன் திரும்பி உட்கார்ந்தான். முந்தின நாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய் நாலு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்களாம். அதில் ஒரு அம்மா, கயிறு அறுந்துவிடும் என்று அழுதுகொண்டே இருந்தாராம்.

“அறுந்தா என்னடா ஆகும்?” என்று எதிரில் இருந்தவன் கேட்டான். அங்கே பிடித்தது பேச்சு. கயிறு ஒன்று இல்லை, பல கயிறுகள், ஒன்று போனாலும் மற்றவை தாங்கும், அதையும் மீறி வேகம் கூடினால் பெட்டியின் இரு பக்கத் தண்டவாளத்தையும் இறுக்கிப் பிடிக்கிற அமைப்பு ஒன்று தானாகவே வேலை செய்யும் என்றான். பிறகு எங்களில் யாருமே யோசித்திராத ஒன்றைச் சொன்னான். பெட்டிக்கு எதிர்ப்பக்கம் ஓர் எடை தொங்குகிறது, அது காலிப் பெட்டியைவிடக் கனமானது, அதனால் ஆள் இல்லாத லிஃப்ட்டில் பிரேக்கைத் தளர்த்தினால் அது கீழே விழாது, மேலே போகும். “எட்டுப் பேர் லிஃப்ட்டுல நாலு பேர்னா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். பிரேக்கை விட்டாலும் அசையாது. மெயின் சுவிட்சை அணைச்சிட்டு, மேலே மெஷின் பக்கத்துல நின்னு சக்கரத்தைக் கையால சுத்தித்தான் மாடிக்குக் கொண்டுவந்தேன்” என்று சொல்லி, இரண்டு கையாலும் மெதுவாகச் சுற்றிக் காட்டினான். கதவு திறந்ததும் அந்த அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

மூன்று வருடம் ஒரே வகுப்பில் இருந்திருக்கிறோம், அவன் சேர்ந்தாற்போல ஐந்து நிமிடம் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்புறம் அவன் என் பக்கம் திரும்பி, “நீ நேத்து என்ன பண்ணினே?” என்றான். அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்கிய கதையைச் சொன்னேன். கருவி மேசை டிராயரில் கிடக்கிறது, கரண்டி விழுகிற சத்தம்கூட இடி மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார். உடனே இன்னொருவன், தன் அம்மாவும் அப்படித்தான் என்றும், வீட்டில் சத்தமில்லாத நேரமாகப் பார்த்து முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனதும் பழகிவிட்டது என்றும் சொன்னான். வாங்கின இடத்தில் ஒலி அளவை இரண்டு முறை மாற்றியும் தந்தார்களாம். அந்தப் பேச்சு எவ்வளவு நேரம் போனது என்றே தெரியவில்லை.

“எப்படி இருக்கே?” என்று கேட்டால் 24 வருடத்துக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் “நல்லா இருக்கேன்” என்று முடித்துவிடுகிறோம் போல. நேற்று என்பது கைக்கு அடக்கமாக இருக்கிறது. உங்கள் அனுபவம் எப்படி?

தும்பி:

நல்ல பதிவு. எங்கள் வகுப்பில் 41 பேர், அதில் 12 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பெண்கள் சிலருக்குப் பெயரின் பின்பாதி மாறிவிட்டதால் தேடினாலும் கிடைப்பதில்லை. நீங்கள் எல்லாம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கோடைமழை:

தும்பி, நான் கேட்டது சந்தித்த பிறகான பேச்சைப் பற்றி. ஆனாலும் சொல்கிறேன். எங்களுக்கு உதவியது ஒரு பழைய குரூப் போட்டோ. அதில் யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, பக்கத்தில் நின்றவரிடமே கேட்டோம். அப்படி ஏழு பேர் கிடைத்தார்கள்.

ரயில்பயணி:

பழைய கதைதான் பிரச்சினை, அதை வெட்டிவிட வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் சந்திப்பில் நானே முன்னின்று, பள்ளிக் கதை பேசக் கூடாது என்று விதி வைத்தேன். தலைப்புகளைச் சீட்டில் எழுதிப் போட்டோம், எடுத்தவர் மூன்று நிமிடம் பேச வேண்டும். இருபது பேர் வட்டமாக உட்கார்ந்தோம். உண்மையைச் சொன்னால், நன்றாக வரவில்லை. நாலு பேர் பேசினார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் தயாராக வரவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த முறை தலைப்புகளை ஒரு வாரம் முன்பே அனுப்பப் போகிறேன்.

நீலமணி:

ரயில்பயணி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் நஷ்டம் இருக்கிறது. வில்லியம் ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2007-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் ஒரு நிகழ்வின் சில பகுதிகளை மட்டும் சொல்லும்போது, அதோடு சேர்ந்த சொல்லாத பகுதிகள் சொல்பவருக்கு மட்டும் இல்லை, கேட்பவருக்கும் மங்கிப்போகின்றன. சைக்கிள் கதையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் அந்த நாளில் நடந்த மற்றதெல்லாம் எல்லோருக்குமே கைநழுவிப் போகலாம்.

ஆனால் ஆட்கள் தயாராக வராதது காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இருபது பேர் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் அது பேச்சு இல்லை, கூட்டம். ராபின் டன்பர் என்ற ஆய்வாளர், மக்கள் தாமாகக் கூடிப் பேசும் இடங்களில் கவனித்துச் சொன்னது, ஒரு பேச்சில் சுமார் நாலு பேர்தான் நிற்பார்கள், அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் அது தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும் என்பது. கோடைமழைக்கு அன்று அமைந்தது அதுதான். பதினேழு பேர் வந்திருந்தாலும் லிஃப்ட் கதையைக் கேட்டது பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேராகத்தான் இருக்கும், சரியா?

எங்கள் சந்திப்பில் நாற்காலிகளை நாலு நாலாகப் போட்டுவிடுகிறோம். ஒரு மணி நேரம் ஆனதும், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேர் எழுந்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். ஒரேயடியாக நாலு பேரையும் மாற்றினால் பேச்சு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, இரண்டு பேர் இருந்தால் விட்ட இடத்திலிருந்து போகிறது.

பழைய கதையை நான் விலக்குவதில்லை. அதில் ஒரு கேள்வி மட்டும் சேர்ப்பேன்: “அப்போ நீ எங்கே இருந்தே?” எங்கள் வகுப்பில் எல்லோரும் சொல்கிற கதை, ஆண்டு விழா அன்று மழையில் மேடை சரிந்தது. என் தோழி ஒருத்தி அந்தக் கதைக்கு எப்போதும் சிரித்துக்கொண்டு மட்டும் இருப்பாள். அவளிடம் கேட்டேன். “நான் அன்னிக்கு இல்லைடி. மூணு மணிக்கே போயிட்டேன். தினமும் போவேனே, உனக்குத் தெரியாதா?” என்றாள். தம்பிக்கு உடம்பு முடியாது, அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் இவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரியாது. இன்றும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தம்பிக்கு 36 வயது, இப்போது படம் வரைகிறான் என்று போனில் காட்டினாள். அன்று மாலை முழுக்க நாங்கள் பேசியது அவனைப் பற்றித்தான்.

அகல்:

எல்லோருக்கும் பழைய நினைவு இனிப்பாக இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, என் நிறத்தை வைத்துச் சொன்னது. 19 வருடம் கழித்துப் போனேன், வாசலில் நுழையும்போதே ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அன்பாகத்தான் கூப்பிட்டார், அது எனக்குப் புரிந்தது. “அந்தப் பேர் வேண்டாம்ப்பா, என் பேரையே சொல்லு” என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பிறகு வந்தவர்களிடம் அவரே என் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தினார். அது எனக்குப் போதும்.

ஆனால் அந்தப் பெயரை முதலில் வைத்தவள் அடுத்த சந்திப்புக்கு வருகிறாள். அவளிடம் இதைப் பேசலாமா, வேண்டாமா? இரண்டு மாதமாக யோசிக்கிறேன்.

ரயில்பயணி:

விட்டுவிடுங்கள் அகல். அவருக்கு நினைவே இருக்காது. நல்ல நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீலமணி:

நினைவு இருக்காது என்பது விட்டுவிடக் காரணம் ஆகாது. ஆனால் பத்துப் பேர் நடுவில் வேண்டாம், அங்கே அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். முன்னதாகப் போனில் பேசிவிட்டால் என்ன?

அகல்:

போனில் என் குரல் நடுங்கும். நேரில் என்றால் அவள் முகத்தைப் பார்க்கலாம். இன்னும் முடிவு எடுக்கவில்லை.

தும்பி:

திரும்பவும் நான்தான். கோடைமழை, குரூப் போட்டோ வழியில் ஒருவன் கிடைத்தான். கூப்பிட்டேன். உங்கள் கேள்வியையே கேட்டேன், நேற்று என்ன பண்ணினாய் என்று. “ஒண்ணும் பண்ணலை. மூணு மாசமா ஒண்ணும் பண்ணலைடா” என்றான். வேலை போய்விட்டதாம். எனக்கு வாய் அடைத்துவிட்டது. இந்தக் கேள்வி எல்லோருக்கும் ஏற்றது இல்லை.

கோடைமழை:

நீங்கள் சொல்வது சரி, அதை நான் யோசிக்கவில்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள்?

தும்பி:

உடனே ஏதாவது வேலை பார்த்துத் தருகிறேன் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் “பகல் முழுக்க எப்படிடா போகுது?” என்று மட்டும் கேட்டேன். காலையில் எப்போதும்போலக் குளித்துக் கிளம்பி வெளியே போய்விடுவானாம், சாயங்காலம்தான் திரும்புவானாம், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சந்திப்புக்கு வா என்று கூப்பிட எனக்கு மனது வரவில்லை. வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு நான் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். “எடுக்கிறேன்” என்றான்.