பில் அனுப்பிய மெயிலும் ஏழு வாரக் காத்திருப்பும்

பல்பர்காரன், ஏற்காடு:
காப்பிப் பழம் பறிக்க ஆரம்பிக்கும் முன்னால் எஸ்டேட்களில் பல்பர் மிஷினைப் பிரித்து சர்வீஸ் செய்வது என் வேலை. போன சீசனில் ஒரு எஸ்டேட்டுக்குக் கூலி 50,000, ஜிஎஸ்டி 9,000, ஆக 59,000. அவர்கள் ஆபீஸ் பெங்களூரில். மெயிலில் நான் எழுதியது "PFA invoice" மட்டும்தான், இணைப்பின் பெயர் scan0047.pdf. ஏழு வாரம் சத்தமே இல்லை. போன் போட்டால், மெயில் தலைப்பைப் பார்த்துத்தான் வெள்ளிக்கிழமை லிஸ்ட் போடுவோம், உங்களுடையதில் தொகையும் இல்லை தேதியும் இல்லை, அப்படியே கீழே போயிருக்கும் என்கிறார்கள். அன்றைக்கே திருத்தி அனுப்பினேன். தலைப்பில் பில் எண், 59,000, கடைசித் தேதி. உள்ளே, என்ன வேலைக்கு, நெஃப்ட்டில் எந்தக் கணக்குக்கு என்று நாலே வரி. அந்த வெள்ளிக்கிழமையே பணம் வந்தது, ஆனால் 58,500! ஐந்நூறு எங்கே போச்சு?

ஜவ்வரிசி கணக்கு:
அது டிடிஎஸ் தம்பி, உங்கள் பேரில் அவர்கள் பிடித்துக் கட்டும் வருமான வரி. உங்களைப் போலத் தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு ஒரு சதவீதம், அதுவும் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் 50,000க்கு மட்டும். பிடித்த வரியெல்லாம் காட்டும் உங்கள் 26AS-இல் வந்திருக்கிறதா பாருங்கள், வரவில்லையென்றால்தான் கேட்க வேண்டும். நான் மெயிலிலேயே "59,000, டிடிஎஸ் பிடித்தம் போக" என்று எழுதிவிடுவேன். அப்புறம், "30 நாளில்" என்று எழுதாதீர்கள். பில் தேதியிலிருந்தா, மெயில் கிடைத்த நாளிலிருந்தா என்று அவர்கள் வசதிக்கு எண்ணுவார்கள். டிசம்பர் 5 என்றால் டிசம்பர் 5.

அம்மாப்பேட்டை தறி:
எதுக்குங்க தேதி? சிறுதொழில் பதிவான உத்யம் நம்பர் இருந்தால் சட்டப்படியே 45 நாள் டைம்.

ஜவ்வரிசி கணக்கு:
பாதிதான் சரி. 45 என்பது எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் போகக்கூடிய உச்சம். எழுதி வைக்கவில்லையென்றால் 15 நாள்தான்.

மலைவீடு:
எனக்கும் இதே தலைவலி, ரூம் புக் செய்பவர்கள் அட்வான்ஸே அனுப்புவதில்லை, ஜிபே நம்பர் கொடுத்தாலும்.

பல்பர்காரன், ஏற்காடு:
அண்ணே, அது வேற கதை, இங்கே வேலை முடிந்த பிறகு வர வேண்டிய பணம்.

செவ்வாப்பேட்டை கொலுசு:
கணக்கு நம்பர் விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். பேங்க் மாற்றியதும் புது நம்பரை மெயிலில் மட்டும் எழுதிவிட்டேன், பிடிஎஃப்பில் பழையது. இரண்டும் ஒத்துப் போகவில்லை, யாரோ மெயிலை ஹேக் செய்திருக்கிறார்கள் என்று பயந்து நிறுத்திவிட்டார்கள். கோபப்பட முடியவில்லை, அவர்கள் செய்தது சரிதான். இப்போது முழு நம்பர் பில்லில் மட்டும், மெயிலில் கடைசி நாலு இலக்கம்.

அம்மாப்பேட்டை தறி:
அப்போ தொகையை 58,500 என்றே மெயிலில் போட்டால் என்ன?

ஜவ்வரிசி கணக்கு:
பில்லில் 59,000 இருக்குமே, மறுபடி ஒத்துப் போகாது. நான் போட மாட்டேன்.

பல்பர்காரன், ஏற்காடு:
எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டையும் போடுகிறார், அவருக்குப் பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது. சரி, 26AS பார்த்துவிட்டு வருகிறேன்.