பத்திரிகையில் அச்சடித்த க்யூஆர் விழாவுக்கு முன்பே படுத்துவிட்டது

பாலக்கோட்டிலிருந்து

போன மாதம் மகளுக்குக் காதணி விழா வைத்திருந்தோம். மண்டபம் மாரண்டஅள்ளி சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஓசூர், பெங்களூர் பக்கமிருந்து வருகிற சொந்தங்கள் கேட்டுக்கேட்டு வருவதற்குள் பந்தி முடிந்துவிடும். அதனால் என் கொழுந்தனார், “பத்திரிகையிலேயே மேப்புக்கு ஒரு க்யூஆர் போட்டுவிடலாம் அண்ணி” என்றார். இணையத்தில் இலவசம் என்று போட்டிருந்த ஒரு தளத்தில் மின்னஞ்சல் கொடுத்து உருவாக்கினார். வீட்டில் நாலு போனில் ஸ்கேன் செய்து பார்த்தோம், நேராக மண்டபத்துக்கே போனது. 600 பத்திரிகை அடித்தோம்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது கிருஷ்ணகிரியிலிருந்து சின்ன மாமனார் போன் செய்தார். “ஏம்மா, மண்டபத்துக்கு வழி கேட்டா பணம் கட்டச் சொல்லுதே?” என்றார். ஸ்கேன் செய்து பார்த்தால் மேப் வரவில்லை. இந்த க்யூஆர் செயலில் இல்லை, உரிமையாளர் சந்தா கட்ட வேண்டும் என்று அந்தத் தளத்தின் பக்கம்தான் வந்தது. முதல் 14 நாள்தான் இலவசமாம், எங்கேயோ சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. 400 பத்திரிகை அதற்குள் வீடுவீடாகப் போய்விட்டது. கடைசியில் வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் லொகேஷன் அனுப்பிச் சமாளித்தோம்.

அதே தளத்தில்தான் என் தையல் கடை போர்டுக்கும் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். அதுவும் போய்விடுமா?

ஓசூரிலிருந்து

க்யூஆர் என்றாலே காலாவதி உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் எதுவும் தாங்காது. என் ஜிம்முக்குச் சந்தா கட்டித்தான் வைத்திருக்கிறேன், இதுவரை பிரச்சினை இல்லை. காசைப் பார்க்காமல் கட்டிவிடுங்கள்.

தருமபுரி, பிளக்ஸ் கடை

ஓசூர்க்காரர் சொல்வதில் பாதிதான் சரி. க்யூஆருக்குக் காலாவதியே கிடையாது. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வெறும் எழுத்துகள்தான். 1994-இல் ஜப்பானில் டென்சோ கம்பெனியில் வண்டி உதிரிபாகத்துக்காக உருவாக்கியது இது. அன்று அச்சடித்த தாள் கிழியாமல் இருந்தால் இன்றைக்கும் படிக்கும்.

அக்கா வீட்டில் நடந்தது வேறு. கட்டத்துக்குள் உங்கள் மேப் முகவரி இல்லை, அந்தத் தளத்தின் முகவரிதான் இருந்தது. ஸ்கேன் செய்கிறவர் முதலில் அவர்கள் வாசலுக்குப் போவார், அவர்கள்தான் மேப்புக்குத் திருப்பிவிடுவார்கள். இதை டைனமிக் என்பார்கள். பணம் வரவில்லை என்றால் வாசலைப் பூட்டிவிடுவார்கள். உங்கள் முகவரியையே நேரடியாகக் கட்டத்துக்குள் வைப்பது ஸ்டேட்டிக். அதை யாராலும் பூட்ட முடியாது.

எது என்று பார்ப்பது சுலபம். போனில் நெட்டை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். கட்டத்துக்குள் இருக்கிற எழுத்து அப்படியே திரையில் வரும். நீங்கள் கொடுத்த முகவரி தெரிந்தால் ஸ்டேட்டிக். நீங்கள் கேள்விப்படாத சின்ன முகவரியும் பின்னால் நாலைந்து எழுத்தும் வந்தால் அக்கா கதைதான். தையல் கடை போர்டை இன்றைக்கே இப்படிப் பார்த்துவிடுங்கள்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கணினியில் qrencode என்ற நிரலில் இப்படித்தான் போட்டுத் தருகிறேன். கடைசியில் இருக்கிற மேப் எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் மண்டபத்தின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்:

```
qrencode -l Q -s 12 -m 4 -o mandapam.png "https://maps.google.com/?q=12.30,78.07"
```

கணினி இல்லாதவர்கள் குரோமில் மேப் பக்கத்தைத் திறந்து, பகிர்வில் போய் க்யூஆர் என்பதைத் தொட்டாலே போதும். பதிவும் வேண்டாம், மின்னஞ்சலும் வேண்டாம்.

காவேரிப்பட்டணம், மாங்காய் மண்டி

எனக்கும் இதே மாதிரி க்யூஆரில் 18,000 போனது. ராணுவ கேன்டீனுக்குப் பெங்களூரா மாங்காய் வேண்டும் என்று ஒருவர் பேசினார். அட்வான்ஸ் அனுப்புகிறேன், இதை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடும் என்று ஒரு க்யூஆர் அனுப்பினார். போட்டேன், என் கணக்கிலிருந்துதான் போனது. அன்றிலிருந்து க்யூஆர் என்றாலே பயம்.

தருமபுரி, பிளக்ஸ் கடை

அண்ணா, உங்களுடையது முழுக்க வேறு விஷயம். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பணம் வரும் என்று சொல்லிப் பின் கேட்டாலே உங்கள் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்தீர்களா? நேரம் ஆக ஆகப் பணத்தை வேறு கணக்குகளுக்கு மாற்றிவிடுவார்கள்.

காவேரிப்பட்டணம், மாங்காய் மண்டி

இரண்டு நாள் கழித்துத்தான் செய்தேன். இன்னும் ஒன்றும் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ரோட்டோரம் செந்தூரா விற்கிற என் தம்பி கடையில் யாரோ எங்கள் ஸ்டிக்கர் மேலேயே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். மூன்று பேர் பணம் போட்டும் ஸ்பீக்கர் பெட்டி சத்தமே போடவில்லை. அப்போதுதான் நகத்தால் சுரண்டிப் பார்த்தான், மேலே ஒன்று, கீழே ஒன்று. இப்போது காலையில் கடை திறந்ததும் அவனே ஒரு ரூபாய் போட்டு, பின் போடுவதற்கு முன்னால் திரையில் அவன் பெயர் வருகிறதா என்று பார்க்கிறான்.

பாலக்கோட்டிலிருந்து

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பத்திரிகை கொடுத்த முதல் வாரத்திலேயே, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா ஒருவர், “அட்ரஸ் மேப் மாதிரி தெரியலையே, நான் திறக்க மாட்டேன்” என்றார். வயசானவர் பயப்படுகிறார் என்று எல்லோரும் சிரித்தோம். திறப்பதற்கு முன்னால் முகவரியைப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

தையல் கடை போர்டைப் பார்த்தேன், அதிலும் அவர்கள் முகவரிதான்.

பென்னாகரத்திலிருந்து

நான் ஒகேனக்கல் போகிற வழியில் மெஸ் வைத்திருக்கிறேன். மீன் விலை தினமும் மாறும். ஸ்டேட்டிக் என்றால் தினமும் புது க்யூஆர் ஒட்ட முடியுமா? எனக்கு டைனமிக்தானே வசதி?

தருமபுரி, பிளக்ஸ் கடை

க்யூஆரை மாற்றாமல், அது காட்டுகிற பக்கத்தை மாற்றினால் போதும். உங்கள் பெயரில் கூகுள் ஷீட் ஒன்று போட்டு, பார்க்க மட்டும் எல்லோருக்கும் திறந்து வைத்து, அதன் முகவரியை ஸ்டேட்டிக்காக அச்சடியுங்கள். விலையை ஷீட்டில் திருத்திக்கொள்ளலாம். முகவரி நீளமாக இருப்பதால் கட்டங்கள் பொடியாகும், அதனால் பெரிதாக அடிக்க வேண்டும். நான் வைத்திருக்கும் கணக்கு, நிற்கிற தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. மேசைக்கு நாலு செ.மீ. போதும், இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிற போர்டுக்கு 20 செ.மீ.

பத்திரிகைக்காரர்களுக்கும் ஒன்று. மெரூன் அட்டையில் தங்க நிறத்தில் க்யூஆர் வேண்டும் என்று கேட்கிறார்கள். மங்களகரமாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதி போன் படிக்காது. கட்டம் கறுப்பாக, பின்புறம் வெளிறி இருக்க வேண்டும். சுற்றி நாலு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். பிள்ளையார் படத்தை நடுவில் வைத்தால்கூடப் பரவாயில்லை, மூன்று மூலைச் சதுரங்களைத் தொடக் கூடாது.

ஓசூரிலிருந்து

சந்தா கட்டினால் எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று கணக்கு வருகிறது. ஷீட்டில் அது வருமா? எனக்கு அது வேண்டும். நான் கட்டத்தான் போகிறேன்.

தருமபுரி, பிளக்ஸ் கடை

அந்தக் கணக்கு உங்களுக்கு உதவுகிறது என்றால் கட்டுங்கள். நிறுத்துகிற அன்று போர்டையும் கழற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பாலக்கோட்டிலிருந்து

மீதி 200 பத்திரிகையில் புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தோம், எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பெரியப்பா மட்டும் புதியதையும் ஸ்கேன் செய்யவில்லை, பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் கேட்டே வந்துவிட்டார். கொழுந்தனாரின் மின்னஞ்சலுக்கு அந்தத் தளத்திலிருந்து ‘உங்களுக்கு மட்டும் பாதி விலை’ என்று இன்னும் வந்துகொண்டிருக்கிறது.