விசா 28-ஆம் தேதியோடு முடிகிறது, நான்கு மெயில் போட்டும் பதில் இல்லை

மதுரைக்காரன்88: வணக்கம். ஜெர்மனிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. மார்ச் 28 அன்று விசா முடிகிறது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் தந்திருக்கும் நாள் ஏப்ரல் 22. முன்னாடி தேதி கேட்டு நான்கு மெயில் அனுப்பிவிட்டேன். பொருள் வரியில் ‘மிக அவசரம்’ என்று ஜெர்மனிலேயே பெரிய எழுத்தில் போட்டேன், மூன்று ஆச்சரியக்குறியோடு. ஒன்றுக்கும் பதில் இல்லை. இரவில் தூக்கம் வரவில்லை. இதைவிட அழுத்தமாக எப்படி எழுதுவது?

கொங்குமணி: மெயிலை விடுங்கள். 2015-இல் நான் வந்தபோது விடியற்காலை ஐந்து மணிக்கு வரிசையில் போய் நின்றேன். டிசம்பர் குளிர். கையுறை வாங்கக் காசில்லாமல் இரண்டு ஜோடி காலுறையைக் கையில் மாட்டியிருந்தேன். எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் டோக்கன் கொடுத்தார்கள். நேரில் போனால்தான் வேலை நடக்கும்.

செந்தாமரை: இப்போது பல ஊர்களில் அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் வாசலைத் தாண்டவே விடுவதில்லை, அண்ணா. மதுரைக்காரன், பயப்படாதீர்கள். விசா முடிந்தாலும் அனுமதி தானாகவே நீளும், சட்டத்தில் இருக்கிறது. பேசாமல் ஏப்ரல் 22 வரை இருங்கள்.

நெக்கர்க்கரை: பாதி சரி, செந்தாமரை. விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போயிருந்தால்தான் நீளும். குடியிருப்புச் சட்டம் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு. நாள் குறித்து வைத்திருப்பது மட்டும் விண்ணப்பமாகுமா என்பது ஊருக்கு ஊர் வேறு. தம்பி, நீங்கள் விண்ணப்பித்தீர்களா, இல்லை நாள் மட்டும் வாங்கினீர்களா? 28-ஆம் தேதி உங்களுக்கு என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள்?

யாழ்முற்றம்: நான் 1986-இல் அகதியாக வந்தனான். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கந்தோருக்குப் போய் முத்திரை குத்த வேணும். ஊர் எல்லை தாண்டவும் கடிதம் கேட்பினம். ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பிப் போடுவினமோ எண்டு நெஞ்சு பதறும். தம்பி, ஒரு நல்ல வழக்கறிஞரைப் பிடியுங்கோ.

கொங்குமணி: வழக்கறிஞருக்குக் கொடுக்கப் புதிதாக வந்தவரிடம் பணம் எங்கே இருக்கிறது? என் நண்பன் ஒருவன் ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினான், உடனே தேதி கிடைத்தது. அப்படி எழுதிப் பாருங்கள்.

நெக்கர்க்கரை: தயவுசெய்து வேண்டாம். மருத்துவமனைக் கடிதம் கேட்டால் என்ன செய்வார்? இல்லாத காரணம் ஒரு தடவை கோப்பில் ஏறிவிட்டால், அடுத்த தடவை உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

செந்தாமரை: இந்த அலுவலகங்களில் ஆளே இல்லை. என் கார்டு வர ஏழு மாதம் ஆயிற்று. தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. வரி மட்டும் மாதம் தவறாமல் பிடிக்கிறார்கள்.

யாழ்முற்றம்: உண்மை பிள்ளை. அப்பவும் இதே கதைதான்.

மதுரைக்காரன்88: மன்னிக்கவும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிப்ரவரி 20 அன்று இணையத்தில் விண்ணப்பித்துவிட்டேன், எண்ணோடு ரசீது வந்தது. நான் பயப்படுவது வேலையை நினைத்து. புதிய அனுமதியின் நகலை மார்ச் 24-க்குள் தராவிட்டால் 29-ஆம் தேதியிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊர் பெயர் வேண்டாம், நடுத்தர ஊர்.

நெக்கர்க்கரை: இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. நான் ஒரு சிறிய நகராட்சியில் வேறு பிரிவில் வேலை செய்கிறேன், தினமும் மெயில் பிரிப்பவன். காலையில் பெட்டியைத் திறந்தால் பாதி மெயிலில் ‘அவசரம்’ இருக்கும். எல்லாருக்கும் அவசரம்தான், அதை வைத்து எதை முதலில் எடுப்பது என்று எனக்குத் தெரியாது. ‘24-க்குள் தாள் வராவிட்டால் 29 முதல் வேலையில்லை, நிறுவனத்தின் கடிதம் இணைப்பில்’ என்று இருந்தால் தெரியும். அதைக் காட்டி மேலதிகாரியிடம் கையெழுத்தும் கேட்க முடியும். அவசரத்தை நீங்கள் சொல்லாமலே அந்தத் தேதி சொல்லிவிடும்.

இன்னொன்று. நீங்கள் கேட்டதே தவறான பொருள். முன்னாடி தேதி கொடுப்பது அவர்களுக்குக் கடினம். உங்களுக்கு வேண்டியது ‘ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங்’ என்ற இடைக்காலச் சான்று, 13 யூரோ. அதைக் கொடுப்பது சின்ன வேலை. உங்கள் நிறுவனம் கெடுபிடி செய்கிறது என்றும் நினைக்காதீர்கள். ஊழியரின் அனுமதியைச் சரிபார்த்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே அவர்களைக் கட்டுகிறது. அதனால் அது அலுவலகம் மறுக்க முடியாத காரணம்.

இப்படி எழுதுங்கள். அலுவல் மொழி ஜெர்மன்தான், மாற்றி அனுப்புங்கள்:

> பொருள்: விசா 28.03 வரை, நிறுவனம் 24.03-க்குள் சான்று கேட்கிறது. பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண்
>
> என் விசா 28.03 அன்று முடிகிறது. செல்லுபடியாகும் சான்று 24.03-க்குள் கிடைக்காவிட்டால் 29.03 முதல் என்னை வேலையில் வைத்திருக்க இயலாது என்று நிறுவனம் எழுதியுள்ளது. கடிதம் இணைப்பில்.
>
> 20.02 அன்று விண்ணப்பித்தேன், ரசீது இணைப்பில். 22.04 என்று தந்த நாளை மாற்றும்படி கேட்கவில்லை. அதுவரைக்குமான இடைக்காலச் சான்றைத் தபாலில் அனுப்ப இயலுமா? நேரில் வர வேண்டுமானால் எந்த நாளும் வருகிறேன்.

நம் பழக்கம், வணக்கத்தில் தொடங்கிப் படிப்பு, வேலை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசி வரியில் தேதிக்கு வருவது. அதைப் படிக்கிறவர் அங்கே வரை போக மாட்டார். தேதியும் அதன் காரணமும் முதலில் இருக்கட்டும். 24 என்றால் 24 என்றே எழுதுங்கள், பாதுகாப்புக்காக 18 என்று குறைக்காதீர்கள். கடிதத்தில் 24 இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

செந்தாமரை: நான்கு மெயில் ஏற்கெனவே போயிருக்கிறதே, ஐந்தாவதும் போட்டால் கோபப்பட மாட்டார்களா?

நெக்கர்க்கரை: புது மெயில் வேண்டாம், கடைசியாக அனுப்பியதற்கே பதிலாகப் போடட்டும். ஐந்து தனி மெயில் ஐந்து பேரிடம் பிரிந்து போகும், யாரும் முழுக் கதையைப் பார்க்க மாட்டார்கள். ‘முன்பு அனுப்பியவற்றுக்குப் பதில் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி சேர்க்கலாம்.

கொங்குமணி: அப்படியும் பதில் வராவிட்டால்?

நெக்கர்க்கரை: அதே தாளை, இரண்டு இணைப்போடு, அலுவலகத் தபால் பெட்டியில் கொண்டுபோய்ப் போடலாம். ஃபேக்ஸ் இருந்தால் அதுவும் நல்லது, அனுப்பியதற்கு அத்தாட்சி கையில் இருக்கும். கட்டாயம் பதில் வரும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் இடத்திலேயே ஆள் விடுப்பில் போனால் பெட்டி அப்படியே கிடக்கும்.

மதுரைக்காரன்88: மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று மதியம் இரண்டு வரியில் பதில் வந்தது: ‘20.03 காலை 8.15, பாஸ்போர்ட்டும் ஒரு புகைப்படமும் கொண்டு வரவும். கட்டணம் கார்டில் மட்டும்.’ பேருந்தில் நின்றுகொண்டே நான்கு தடவை படித்தேன். அண்ணா, மிக்க நன்றி. ஏப்ரல் 10 அன்று தங்கை கல்யாணம். அந்தச் சான்றை வைத்துக்கொண்டு மதுரை போய்த் திரும்ப முடியுமா?

செந்தாமரை: போகாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவரை விமானக் கம்பெனிக்காரர்கள் ஏறவே விடவில்லை.

நெக்கர்க்கரை: சான்றில் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறது என்று பாருங்கள். 81-இன் 4-ஆம் உட்பிரிவு என்றால் திரும்பி வர அனுமதி உண்டு, 3-ஆம் உட்பிரிவு என்றால் இல்லை. ஆனால் செந்தாமரை சொல்வதும் நடக்கிறது, கவுன்ட்டரில் இருப்பவருக்கு அந்தத் தாளைத் தெரியாமல் போகலாம். பழைய விசா ஒட்டிய பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன் அந்த விமானக் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள், கல்யாணத் தேதியோடு.

யாழ்முற்றம்: 20-ஆம் தேதி எட்டு மணிக்கே வாசல்ல நில்லுங்கோ தம்பி.