முட்டைக்கு 3.82தான் அடக்கம்னா மிச்சக் காசு எங்கீங்க போச்சு?

மோகனூர் லேயர்:
போன பேட்ச் 10,000 குஞ்சு எடுத்தோம்ங்க. கூண்டேறுனது 9,500. 72 வாரத்துல கழிச்சோம், 28.5 லட்சம் முட்டை. என் கணக்கு இதுதான்: கோழிக்கு 110 கிராம் தீவனம், கிலோ 28 ரூபாய், 90 சதம் முட்டை, ஆக 3.42. குஞ்சு 45 ரூபாய், 300 முட்டைக்குப் பிரிச்சா 15 காசு. கூலி, கரண்ட், மருந்து 25 காசு. கூட்டுனா 3.82. மைனஸ் எல்லாம் போக சராசரியா 4.85 கைக்கு வந்துச்சு. அப்ப 29 லட்சம் நிக்கோணும். நிக்கலைங்க. எங்க ஓட்டை?

பல்லடம் பையன்:
அண்ணா, எங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லீங்க. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி இறக்கிருது. கோழி எடைக்குக் கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக்கூலி. சாவு மட்டும் சாஸ்தி ஆச்சுன்னா கூலியில கை வெப்பாங்க. நீங்களும் அப்படி மாறிக்கலாமே?

மோகனூர் லேயர்:
தம்பி, அது கறிக்கோழி. நான் கேக்கறது முட்டைக் கணக்கு.

புதன்சந்தை கணக்கர்:
90 சதம்ங்கறது உச்சத்துல இருக்கறப்ப வர்ற சதம்ங்க. 19 வாரத்துக் கோழியும் 70 வாரத்துக் கோழியும் அந்த முட்டை போடாது, ஆனா ரெண்டும் திங்கும். அதனால கிராம் கணக்கை விட்டுருங்க. கூண்டேறுன நாள்ல இருந்து கழிச்ச நாள் வரைக்கும் எத்தனை டன் தீவனம் போச்சுன்னு மில் நோட்டுல பாருங்க.

மோகனூர் லேயர்:
பார்த்தேன். 379 டன்.

புதன்சந்தை கணக்கர்:
379 டன் 28 ரூபாய்க்கு 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம். 28.5 லட்சம் முட்டையால வகுத்தா 3.72. அதாவது ஒரு முட்டைக்கு 133 கிராம் தீவனம் போயிருக்குது. நீங்க 122தான் போட்டிருக்கறீங்க. முட்டைக்கு 30 காசு இங்கயே போச்சு.

அடுத்தது குஞ்சு. 45 ரூபாய்க் குஞ்சு முட்டை போடாதுங்க, 18 வாரம் வளர்ந்த கோழிதான் போடும். அதுவரைக்கும் தின்ன தீவனம், தடுப்பூசி, மூக்கு வெட்டு, கூலி, கரண்ட் எல்லாம் எங்க எழுதுனீங்க?

மோகனூர் லேயர்:
அது வேற நோட்டுங்க. தம்பி பாக்கறான். கேட்டுச் சொல்றேன்... குஞ்சு விலையோட சேர்த்து 25.5 லட்சம்ங்கறான்.

புதன்சந்தை கணக்கர்:
அப்ப கூண்டேறுன 9,500 கோழிக்கும் தலைக்கு 268 ரூபாய். நீங்க எழுதுனது 45. கழிக்கறப்ப எத்தனை நின்னுது, என்ன விலைக்குப் போச்சு?

மோகனூர் லேயர்:
8,740. கோழி 90 ரூபாய்.

புதன்சந்தை கணக்கர்:
7.87 லட்சம் திரும்பி வந்திருக்குது. 25.5ல அதைக் கழிச்சா 17.6 லட்சம், முட்டைக்கு 62 காசு. நீங்க போட்டது 15. தீவனம் 3.72, கோழி 62 காசு, உங்க கூலி வகை 25 காசு அப்படியே இருக்கட்டும், 4.59 ஆச்சு. கொட்டகைக்கு இன்னும் ஒரு பைசா எழுதல.

ராசிபுரம் ரவுண்டு:
எல்லாஞ் சரி, சாவை விட்டுட்டீங்களே! கூண்டுல செத்தது 760. தலைக்கு 268 போட்டா 2 லட்சத்துக்கு மேல, முட்டைக்கு 7 காசு. அதைச் சேர்த்து 4.66. சாவுக்குன்னு தனி வரி இல்லாத கணக்கு ஒரு கணக்கா?

புதன்சந்தை கணக்கர்:
அந்த 7 காசை ரெண்டு தடவை எண்ணறீங்க. வாங்குன 10,000 குஞ்சுக்கும் ஆன செலவு மொத்தமும் மேல இருக்குது. கீழ இருக்கறது உண்மையா எடுத்த முட்டை. செத்த கோழி போடாத முட்டை அதுல இல்லை, செத்த கோழி கழிவு விலைக்குப் போகவும் இல்லை. சாவு அங்கயே தன்னால ஏறிருச்சு.

ராசிபுரம் ரவுண்டு:
ஏறிருச்சுன்னா கண்ணுக்குத் தெரியோணுமில்ல? எந்த மாசம் செத்துதுன்னு தெரியாம எப்படிங்க பண்ணையைத் திருத்தறது?

புதன்சந்தை கணக்கர்:
அதுக்குத் தனியா சாவு நோட்டு வெய்ங்க, வேண்டாங்கல. ஆனா 760க்கும் ஒரே 268 போட்டா அந்த நோட்டும் பொய் சொல்லும். 22 வாரத்துல செத்த கோழி 268ஐயும் முழுங்கிட்டு, போட வேண்டிய முட்டையில முக்கால்வாசிக்கு மேல கொண்டு போகுது. 70 வாரத்துல செத்ததுன்னா நமக்குப் போறது 90 ரூபாய்க் கழிவு விலையும் பத்துப் பன்னெண்டு முட்டையுந்தான். குஞ்சு கொட்டகையில மொத வாரம் சாகறது குஞ்சு விலையோட முடிஞ்சுது. எண்ணிக்கையை வாரவாரியா எழுதி, செத்த வயசை வெச்சு விலை போடுங்க.

ராசிபுரம் ரவுண்டு:
எனக்குத் தனி வரிதான் பழக்கம். நான் மாத்தறதா இல்லை.

மோகனூர் லேயர்:
கொட்டகைக்கு எதுக்குங்க எழுதோணும்? அப்பா 1999ல கட்டுனது. கடன் தீர்ந்து வருசமாச்சு. கூண்டு மாத்தி 14 வருசம், அதுவும் போட்ட காசு எடுத்தாச்சு.

பரமத்தி அக்கா:
தம்பி, கூண்டோட அடிக்கம்பியைக் குனிஞ்சு பார்த்தீங்களா? கீழ எருவுல இருந்து கிளம்பற காத்துல துரு ஏறி, நடுவுல தொங்கிப் போயிருக்கும். சரிவு கெட்டா முட்டை உருண்டு முன்னால வராம கோழி காலடியிலயே நிக்கும், அது மிதிக்கும், கொத்தும். உங்களுக்கு விரிசல் முட்டை எத்தனை சதம்?

மோகனூர் லேயர்:
4 வருதுங்கக்கா. மொத 2க்குள்ள இருந்துச்சு, ஒண்ணரைன்னு வெச்சுக்கலாம். கோழி வயசாச்சு, ஓடு மெலிசுன்னு கிளிஞ்சல் கூடப் போட்டுப் பார்த்தோம்.

பரமத்தி அக்கா:
வயசும் ஒரு காரணந்தான். ஆனா ஓடு மெலிசுன்னா கொட்டகை பூரா ஒரே மாதிரி விரியும். ஒரு வரிசையில மட்டும் அதிகமா வந்தா அது கம்பி. ஒரு வாரம் வரிசைவாரியா அட்டையில தனியா அடுக்கச் சொல்லுங்க, தெரிஞ்சு போகும்.

கூடுதலா விரியற ரெண்டரை சதம் 71,000 முட்டை. ஒண்ணுக்கு ரெண்டரை ரூபாய் குறைஞ்சாலும் 1.78 லட்சம், எல்லா முட்டை மேலயும் பரப்புனா 6 காசு. இப்ப 10,000 கோழிக்குப் புதுக் கூண்டு, நிப்பிளோட 15 லட்சம்னு வெச்சு, பத்து வருசத்துக்குப் பிரிச்சா வருசம் ஒண்ணரை லட்சம். உங்க பேட்ச் 54 வாரம், கழுவி ஆறப்போட 3 வாரம், ஆக 57 வாரத்துக்கு 1.64 லட்சம். அதுவும் ஏறத்தாழ 6 காசுதான்.

புதன்சந்தை கணக்கர்:
அக்கா சொன்ன அந்த 3 வாரத்தை யாரும் எழுதறதில்லை. கொட்டகை சும்மா கிடந்தாலும் தேயுதுங்க. கட்டடத்துக்கு 25 லட்சம், 25 வருசம்னு போட்டா இன்னொரு 4 காசு. ரெண்டும் சேர்ந்து 10. 4.59ஓட 4.69. விரிசலுக்கு விழுந்த அடி உங்க 4.85க்குள்ளயே இருக்குது.

ராசிபுரம் ரவுண்டு:
1999ல கட்டுன கொட்டகைக்கு இன்னைக்கு விலை எதுக்கு? அன்னைக்குப் போட்ட காசைத்தானே பிரிக்கோணும்?

புதன்சந்தை கணக்கர்:
வரிக்கு எழுதறதுக்கு அன்னைக்கு விலை. விலை சொல்றதுக்கு இன்னைக்கு விலை. அன்னைக்கு விலையை எழுதி வெச்சா, இடிச்சுக் கட்டறப்ப பேங்க் வாசல்லதான் நிக்கோணும்.

ராசிபுரம் ரவுண்டு:
இன்னைக்கு விலைன்னா அதுக்கு வட்டியும் போடுங்க. 40 லட்சத்துக்கு 10 சதம், வருசம் 4 லட்சம். 57 வாரத்துக்கு 15 காசு. கூட்டுனா 4.84. அப்ப அவரு பேட்ச் பூரா ஓட்டி முட்டைக்கு ஒரு காசு சம்பாரிச்சிருக்கறாரு, சரீங்களா?

புதன்சந்தை கணக்கர்:
சொந்தக் காசுக்கு வட்டி எழுதறதா வேண்டாமாங்கறது அவங்கவங்க இஷ்டம். எருவு வித்த காசையும் இன்னும் யாரும் கழிக்கல.

மோகனூர் லேயர்:
எருவு காசு அம்மா கையில போகுதுங்க, அதை நான் கேக்கறதில்லை. நாளைக்கு வரிசைவாரியா அட்டை அடுக்கச் சொல்லியிருக்கறேன். கடைசி ரெண்டு வரிசை மேலதான் எனக்குச் சந்தேகம். தண்ணி ஒழுகுன பக்கம் அது. அந்த ரெண்டுக்கு மட்டும் அடிக்கம்பி மாத்தித் தர்றாங்களா, இல்ல முழுக் கூண்டும் வாங்கோணுமா, யாராச்சும் மாத்தியிருந்தா சொல்லுங்க.