புதுப்பிப்பு: எங்கள் ஐவர் எழுத்துக் குழு, மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு

முன்பு நான் கேட்டது: "சொந்த வாழ்க்கையை எழுதி வாசிக்க ஐந்து பேர் சேர்கிறோம். என்ன விதி வைக்கலாம்?"

'வெளியே சொல்லக்கூடாது' என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கச் சொன்னவர் பாதி சரி. யாரும் வெளியே சொல்லவில்லை. சிக்கல் உள்ளேயே வந்தது. ஒருவர் அம்மாவின் கடைசி நாட்களை வாசித்தார். அடுத்த வாரம் டீ குடிக்கும்போது இன்னொருவர் அக்கறையாக அதைப் பற்றி விசாரிக்க, வாசித்தவர் முகம் வாடிவிட்டது.

பல குழுக்கள் நடத்திய அக்கா ஒருவர் சொன்னபடி இப்போது இரண்டு மாற்றம். எழுதியவரே பேச்செடுத்தால் ஒழிய, அவரிடமும் அதைப் பேசுவதில்லை. கருத்து சொல்லும்போது எழுதியவரை 'நீங்கள்' என்பது கிடையாது, 'கதைசொல்லி' என்றுதான். முதலில் நாடகம் மாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

நான்காமவர் தன் மாமியாரைப் பற்றிப் பெயரோடு எழுதுகிறார். அதற்கு இன்னும் விதி இல்லை.