மூன்றாண்டு எந்த நாளிலிருந்து? வாடகை ஏற்ற விதிக்கு ஒரு சொல்

குன்னூரிலிருந்து, மெய்ப்புப் பார்ப்பவர்:

அனைவருக்கும் வணக்கம். மவுண்ட் ரோட்டில் ஒரு தேயிலைக் கடைக்கு ஒன்பது ஆண்டு வாடகை ஒப்பந்தம் போடுகிறார்கள். ஆங்கில வரைவைத் தமிழாக்கி மெய்ப்பும் பார்த்துத் தரவேண்டும். தொடக்க வாடகை 20,000 ரூபாய். வாடகை கூடுவதைச் சொல்லும் பத்திக்கு "வாடகை ஏற்ற விதி" என்று பெயர் வைத்துவிட்டேன். அதற்குள் இருக்கும் வரிதான் இடிக்கிறது: "மூன்றாண்டுக்கு ஒருமுறை வாடகை 15 சதவீதம் உயரும்."

எந்த நாளிலிருந்து மூன்றாண்டு? கையெழுத்து 2026 பிப்ரவரி 10. சாவி தருவது மார்ச் 1. உள்ளே மரவேலை செய்ய இரண்டு மாதம் வாடகை இல்லை, அதனால் முதல் வாடகை மே 1 முதல். எண்ணத் தொடங்கும் அந்த நாளுக்கு ஒரு சொல் வேண்டும். "முதல் நாள்" சரிப்படவில்லை. மே 1க்கு முதல் நாள் என்றால் ஏப்ரல் 30 என்றுதானே நாம் புரிந்துகொள்வோம்?

ஊட்டியிலிருந்து, தமிழாசிரியை:

"அடிநாள்" நல்ல சொல். இன்னொன்று: மூன்றாண்டுக்கு 15 என்பதும் ஆண்டுக்கு 5 என்பதும் ஒன்றுதான். ஆண்டுக்கு 5 என்றே எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே வராதே.

கோத்தகிரியிலிருந்து, ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:

டீச்சர், இரண்டும் ஒன்றில்லை. ஆண்டுக்கு 5 என்றால் இரண்டாம் ஆண்டில் 21,000, மூன்றாம் ஆண்டில் 22,050. மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றால் அந்த இரண்டு ஆண்டும் 20,000தான். வாடகைக்காரர் 36,600 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிடுவார். எந்த நாளிலிருந்து என்ற கேள்வியும் அப்படியே நிற்கும்.

"அடிநாள்" எனக்கு ஒட்டவில்லை. அடிநாள் முதல் என்றால் ஆதிகாலத்திலிருந்து என்றுதான் காதில் விழுகிறது. "எண்ணுநாள்" என்று வையுங்கள். எண்ணத் தொடங்கும் நாள் என்று கடைக்காரருக்கும் புரியும்.

வரியில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 15 சதவீதம் எதன்மேல்? முதல் ஏற்றத்தில் வேறுபாடு தெரியாது, எப்படிப் பார்த்தாலும் 23,000. இரண்டாவது ஏற்றத்தில் நடப்பு வாடகையின்மேல் என்றால் 26,450, தொடக்க வாடகையின்மேல் என்றால் 26,000. மாதம் 450, கடைசி 36 மாதத்துக்கு 16,200 ரூபாய். ஆறு வருடம் கழித்துத்தான் இந்தச் சண்டை வரும், அப்போது எழுதியவர் யாரென்றே நினைவிருக்காது. "15 சதவீதமாக உயரும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்த "ஆக" அர்த்தத்தையே மாற்றிவிடும்.

கொடைக்கானலிலிருந்து, பேக்கரி நடத்துபவர்:

அப்படியென்றால் முன்பணமும் 15 சதவீதம் கூடுமா ஐயா? என் ஒப்பந்தத்தில் "மூன்றாம் ஆண்டிலிருந்து 10 சதவீதம் கூடும்" என்று இருந்தது. மூன்று வருடம் கழித்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் முடிந்த மாதமே கட்டிடக்காரர் கூட்டிக் கேட்டார். பேசிப் பார்த்தும் பயனில்லை, கொடுத்தேன்.

கோத்தகிரியிலிருந்து:

முன்பணம் வேறு தம்பி, அது கூடவேண்டுமானால் தனியாக எழுதியிருக்க வேண்டும். உங்கள் வரியில் அவர் கேட்டது சரிதான். இரண்டு ஆண்டு நிறைந்த மறுநாளே மூன்றாம் ஆண்டு பிறந்துவிடுகிறது. அதனால்தான் "மூன்றாம் ஆண்டிலிருந்து" என்று எழுதாமல் "மூன்று ஆண்டு நிறைந்தபின்" என்று எழுதச் சொல்வேன். அதற்குப் பக்கத்தில் தேதியையும் போட்டுவிட வேண்டும்.

ஊட்டியிலிருந்து:

36,600 கணக்கைப் போட்டுப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். "எண்ணுநாள்" வினைத்தொகையாக அழகாக அமைந்திருக்கிறது. ஆனால் தேதி போட்ட பிறகு அந்தச் சொல் எதற்கு?

குன்னூரிலிருந்து:

டீச்சர், சொல் வேண்டும். சாவி தருவது தள்ளிப்போனால் எல்லாத் தேதியும் நகரும். அப்போது எதிலிருந்து எண்ணித் தேதிகளை மாற்றுவது என்று எண்ணுநாள்தான் சொல்லும். மே 1 என்றே முடிவானால் வரி இப்படி வரும்:

"இந்த ஒப்பந்தத்தின் எண்ணுநாள் 2026 மே 1. எண்ணுநாளிலிருந்து மூன்று ஆண்டு நிறைந்தபின் 2029 மே 1 முதலும், ஆறு ஆண்டு நிறைந்தபின் 2032 மே 1 முதலும், அதற்கு முந்தைய மாதம் நடப்பில் இருந்த வாடகையுடன் அதன் 15 சதவீதம் சேர்த்துச் செலுத்த வேண்டும்."

கட்டிட உரிமையாளர் சாவி தரும் மார்ச் 1ஐயே எண்ணுநாளாக வைக்கச் சொல்கிறார். அப்படியானால் இரண்டு ஏற்றமும் இரண்டிரண்டு மாதம் முந்தும், 6,000மும் 6,900மும் சேர்ந்து 12,900 ரூபாய். கடைக்காரர் மே சீசனில்தான் கையில் பணம் பார்ப்பார், மார்ச்சில் ஏற்றம் வேண்டாம் என்கிறார். அதை அவர்கள் பேசி முடிக்கட்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்பதால் பதிவு செய்தாக வேண்டும். பதிவான பிறகு மாற்றவேண்டுமானால் இன்னொரு பத்திரம் எழுத வேண்டியிருக்கும், அதனால் அவர்கள் முடிவு சொல்லும்வரை தேதி இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

கொடைக்கானலிலிருந்து:

ஐயா, என் ஒப்பந்தம் அடுத்த வருடம் புதுப்பிக்க வருகிறது. "எண்ணுநாள்" என்றே போடச் சொன்னால் அங்கே புரிந்துகொள்வார்களா?