செவ்வாய்ப்பேட்டை: வீட்டு வாசலில் நின்ற காரைத் தூக்கிட்டாங்க, குடியிருப்போர் பர்மிட் ஏதாவது இருக்கா?

வெள்ளிக்கொலுசு:
14 அடி சந்து, வாடகை வீடு, உள்ளே கார் நிறுத்த இடமில்லை. போன மாசம்தான் செகண்ட் ஹேண்டில் ஸ்விஃப்ட் வாங்கினேன். வாசலை ஒட்டி நிறுத்திட்டு சனிக்கிழமை ஊருக்குப் போய், திங்கள் வந்து பார்த்தா வண்டி இல்லை. டிராஃபிக் போலீஸ் தூக்கிட்டுப் போனதா பக்கத்து வீட்டில் சொன்னாங்க. எனக்கு மெசேஜ் எதுவும் வரலை. ஃபைன் போக, இழுத்துட்டுப் போன கூலியும் கேக்கறாங்க. மாநகராட்சியில் பர்மிட் வாங்கி வெச்சா இனிமே தொல்லை இருக்காதா?

தறிக்காரர்:
கூலி எல்லாம் கொடுக்காதீங்க. 10 மணி நேரம் நின்னாத்தான் வண்டியைத் தொடணும், அதுதான் சட்டம். வீட்டு வாசல் வேற. தைரியமாக் கேளுங்க.

ஐந்துரோடு:
தறிக்காரர் அண்ணா, 10 மணி நேரம்னு மோட்டார் வாகனச் சட்டம் 127-ல இருக்கறது உண்மைதான். ஆனா அது ஒரு காரணம் மட்டும். நிறுத்தக் கூடாத இடம்னாலோ, போக்குவரத்துக்கு ஆபத்தா நின்னாலோ மணிக்கணக்கே கிடையாது, உடனே எடுக்கலாம். இவர் சனி விட்டு திங்கள் வந்திருக்கார், அந்த 10 மணி நேரமும் தாண்டிடுச்சு. இழுத்த செலவு உரிமையாளர் தலையில்தான்னு அதே பிரிவு சொல்லுது. ஃபைன் தனி. சாதாரண பார்க்கிங் தப்புக்கு முதல் தடவை 500, அடுத்த தடவையிலிருந்து 1500.

பர்மிட் விஷயம்: சேலத்தில் அப்படி ஒண்ணு கிடையாது. வாசலுக்கு முன்னாடி இருக்கற ரோடு வீட்டுக்காரருக்கும் சொந்தமில்லை, குடியிருக்கறவருக்கும் இல்லை. டெல்லியில் குடியிருப்போர் பர்மிட்னு வந்த செய்தியைப் பார்த்துட்டு நிறைய பேர் இங்கேயும் கேக்கறாங்க.

ஏன் எடுத்தாங்கன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஸ்விஃப்ட்டோட அகலம் 5 அடி 8 அங்குலம். சுவரை விட்டு அரை அடி தள்ளி நிறுத்தினா, 14 அடியில் மிச்சம் 8 அடிக்கும் கீழே. மார்க்கெட்டுக்கு வர்ற லோடு லாரியே எட்டடிக்கு மேல. ராத்திரி ஒரு லாரி மாட்டினாப் போதும், யாராவது போன் பண்ணிடுவாங்க.

இப்ப வரிசையாச் செய்யுங்க. முதல்ல echallan.parivahan.gov.in போய், வண்டி நம்பரும் இஞ்சின் அல்லது சேசிஸ் நம்பரோட கடைசி 5 இலக்கமும் போட்டா செலான் இருக்கான்னு தெரியும். அதில் போட்டோ, இடம், நேரம் மூணும் சரியான்னு பாருங்க. தப்புன்னு தோணினா பணம் கட்டறதுக்கு முன்னாடியே புகார் போடணும். கட்டிட்டா ஒத்துக்கிட்ட மாதிரிதான். கூலிக்கு ரசீது கேளுங்க. ரசீது இல்லாத பணம் நீங்க கொடுத்த பணமே இல்லை.

மெசேஜ் வராததுக்கு வேற காரணம் இருக்கும். ஆர்.சி. உங்க பேருக்கு மாறிடுச்சா?

மலைப்பாதை:
எங்களுக்கும் இதே கதைதான். ஏற்காட்டுல சீசன்ல ஏரிப் பக்கம் நிறுத்தவே இடமில்லை. மலை ஏறும்போது வளைவு ஓரமா நிறுத்தி போட்டோ எடுத்தா ஃபைன் போடறாங்களே, அது சரியா?

ஐந்துரோடு:
சரிதான். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோடு, கீழிருந்து வர்ற பஸ் திரும்பறதுக்கு முழு அகலமும் வேணும். இதைத் தனியாக் கேளுங்க, இங்க கலந்துடும்.

வெள்ளிக்கொலுசு:
ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பேர்லதான் இருக்கு. புரோக்கர் பார்த்துக்கறேன்னு சொன்னார்.

ஐந்துரோடு:
அதான். மெசேஜ் அவர் நம்பருக்குப் போயிருக்கும். ஒரே ஊருக்குள்ள விற்றாலும் விற்றவர் 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லணும், வாங்கினவர் 30 நாளைக்குள்ள பேர் மாத்தணும். ஸ்டேஷன்ல வண்டியை ஆர்.சி.யில் இருக்கறவர்கிட்டதான் கொடுப்போம்னு சொல்ல வாய்ப்பிருக்கு. முடிஞ்சா அவரையே கூட்டிட்டுப் போங்க. படிவம் 29, 30 கையெழுத்தோட இருந்தா கையில் வெச்சுக்கங்க. புரோக்கரை நம்பி உட்காராதீங்க.

டயர்கடை:
வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி சுத்தி வந்து வீடியோ எடுத்துடுங்க. முன்பக்கம் தூக்கி இழுத்திருந்தா பின் டயரைத் தொட்டுப் பாருங்க. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தீங்கன்னா பின் சக்கரம் சுத்தாம தார் ரோட்டுல உரசிக்கிட்டே வந்திருக்கும். ஒரு இடம் மட்டும் தட்டையா, வழவழன்னு தேஞ்சிருக்கும். 40-ல போகும்போது 'தட் தட்'னு ஒரே தாளத்துல சத்தம் வரும். பேலன்ஸ் பண்ணினா அது போகாது, டயரைத்தான் மாத்தணும். பம்பருக்கு அடியில் கிளிப் உடைஞ்சிருக்கான்னும் பாருங்க.

வெள்ளிக்கொலுசு:
ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் போனேன். டயர் போயிருந்தா யார்கிட்ட கேக்கறது?

டயர்கடை:
தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்னா அதுல வராது.

தறிக்காரர்:
இழுத்தவங்கதான் தரணும்.

ஐந்துரோடு:
தரணும்னு சொல்லலாம். தப்பா நிறுத்தினது நீங்கன்னு அவங்க சொல்லுவாங்க. எழுத்துல புகார் கொடுத்து நகல்ல முத்திரை வாங்கி வெச்சுக்கங்க. பணம் வருமான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. வண்டி வந்ததும் மாச வாடகைக்கு ஒரு ஷெட் பாருங்க, அந்தச் சந்துக்குள்ள திரும்ப நிறுத்தினா அடுத்தது 1500.